45 நாள்: எந்தத் தேதியிலிருந்து, எந்த இடம் வரை?

கேள்வி: "ஜெர்மனி பையருக்கு 6,000 டி-ஷர்ட், 45 நாள் என்று மெயில் போட்டேன். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி கணக்கில்தான் சொன்னேன். அவரோ 45ஆம் நாள் சரக்கு தன் குடோனில் இருக்கும் என்று நினைத்துக் கடைகளுக்குத் தேதி கொடுத்துவிட்டார். புரொடக்‌ஷன் டைம், டிரான்சிட் டைம், லீட் டைம் மூன்றும் வேறு வேறா? இனி எப்படி எழுதுவது?"

மூன்றும் வேறுதான். ஒவ்வொன்றும் வேறொரு தேதியில் தொடங்கி வேறோர் இடத்தில் முடிகிறது. சரக்கு செய்து முடிக்க ஆகும் நாள் உற்பத்திக் காலம். ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் வரை வண்டியிலும் கப்பலிலும் போகும் நாள் பயணக் காலம். பையர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து சரக்கு அவர் கைக்குக் கிடைக்கும் வரை அவர் காத்திருக்கும் நாள் முழுவதும் லீட் டைம், அதாவது மொத்தக் காலம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. அந்த இரண்டிலும் சேராத நாள்கள் நடுவில் இருக்கின்றன. தகராறு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

உங்கள் ஆர்டரின் விவரத்தை நீங்கள் சொல்லவில்லை. அதனால் திருப்பூரில் வழக்கமாக வரும் ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். 30ஆம் நம்பர் கோம்டு நூல், 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, மூன்று நிறம், நெஞ்சில் ஒரு பிரிண்ட், 6,000 பீஸ். ஒரு பீஸுக்கு வேஸ்ட் உட்பட 200 கிராம் துணி என்று வைத்தால் 1,200 கிலோ துணி வேண்டும். சாயப்பட்டறையிலும் ஃபினிஷிங்கிலும் போகும் இழப்பைச் சேர்த்து 1,300 கிலோ அளவுக்கு நூல் வாங்க வேண்டியிருக்கும்.

பையரின் ஆர்டர் கடிதமான பி.ஓ. ஜூன் 1 அன்று வருகிறது. அன்றே நூலுக்குச் சொல்லிவிடலாம். கிரே துணி மூன்று நிறத்துக்கும் ஒன்றே என்பதால் நிறம் அப்ரூவல் ஆகும் வரை நிட்டிங்கை நிறுத்திவைக்கத் தேவையில்லை. ஒரு மெஷினில் நாளுக்கு 200 முதல் 250 கிலோ ஓடினால்கூட, இரண்டு மெஷினில் மூன்று நாளில் நிட்டிங் முடிந்துவிடும். அதே நேரத்தில் சாய நிறத்தின் மாதிரியான லேப் டிப்பும் பிரிண்ட்டின் மாதிரியான ஸ்ட்ரைக் ஆஃபும் ஜெர்மனிக்குப் போகின்றன. செய்வதற்கு நான்கைந்து நாள், கூரியருக்கு நான்கு நாள், பையர் பார்த்துப் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள். ஒரே சுற்றில் ஓகே ஆனால் ஜூன் 14 ஆகிவிடும். அதன் பிறகுதான் துணி சாயத்துக்குப் போகும். ஒரு லாட் சாயம் ஏற அரை நாள் போதும். ஆனால் பட்டறையில் வரிசை, மூன்று நிறத்துக்கு மூன்று லாட், காயவைத்தல், காம்பாக்டிங் எல்லாம் சேர்ந்து ஜூன் 23 ஆகும். சாயம் போட்ட துணியில் பி.பி. சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரி தைத்து அனுப்பி, அது அப்ரூவல் ஆக ஜூலை 1. மறுநாள் கட்டிங், அதைத் தொடர்ந்து பிரிண்டிங், ஜூலை 4 முதல் தையல். நாளுக்கு 800 பீஸ் வரும் லைனில் 6,000 பீஸுக்கு எட்டு வேலை நாள், நடுவே ஒரு ஞாயிறு, ஆக ஜூலை 12. செக்கிங், அயர்னிங், பேக்கிங் பின்னாலேயே ஓடிவர, ஜூலை 15 ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். ஜூலை 16 சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்புகிறது.

ஜூன் 1இலிருந்து ஜூலை 16 வரை 45 நாள். இந்த ஆர்டருக்கு உற்பத்திக் காலம் எத்தனை நாள் என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். மெர்ச்சண்டைசர் பி.ஓ. தேதியிலிருந்து எண்ணி 45 என்பார். நிறம் ஓகே ஆன பிறகுதான் வேலையே தொடங்கியது என்று எண்ணுபவர் 32 என்பார். புரொடக்‌ஷன் மேனேஜருக்குப் பி.பி. சாம்பிள் அப்ரூவலுக்குப் பிறகு நடப்பதுதான் உற்பத்தி, அவர் 15 என்பார். மூன்றுமே சரி. பையருக்கு மெயில் போடுபவர் யாருடைய எண்ணை எடுத்து எழுதுகிறார் என்பதைப் பொறுத்து முப்பது நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. அதனால் "உற்பத்தி இத்தனை நாள்" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் "எந்தத் தேதியிலிருந்து" என்று சேர்த்து எழுதுங்கள். அட்வான்ஸ் வந்த நாளா, நிறம் ஓகே ஆன நாளா, பி.பி. அப்ரூவல் ஆன நாளா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

இனிப் பயணம். 50 பீஸுக்கு ஒரு பெட்டி என்றால் 120 பெட்டி. பெட்டி 60 க்கு 40 க்கு 30 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் எட்டரை கன மீட்டர்தான் வரும். 20 அடி கன்டெய்னரில் பாதிகூட நிரம்பாது. ஆகவே இது எல்.சி.எல். சரக்கு, மற்றவர்களின் சரக்கோடு சேர்ந்துதான் போகும். லாரி திருப்பூரிலிருந்து ஓர் இரவில் தூத்துக்குடிக்குப் போய்விடும். ஆனால் அங்கே கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் நிலையமான சி.எஃப்.எஸ்.ஸில் இறக்கி, கஸ்டம்ஸ் முடித்து, மற்ற சரக்குகளும் வந்து, கன்டெய்னரில் ஏற்றிச் சீல் வைத்து, அதைத் துறைமுகத்துக்குள் அனுப்ப வேண்டும். கப்பல் ஜூலை 22 என்றால் எல்.சி.எல். சரக்கு அங்கே வந்து சேர வேண்டிய கடைசி நாளான கட் ஆஃப் ஜூலை 18 என்பது போல இருக்கும். ஜூலை 16 கிளம்பிய சரக்கு கப்பலேற ஆறு நாள் ஆகிறது. இந்த ஆறு நாளை ஃபேக்டரி தன் கணக்கில் எழுதாது. கப்பல் கம்பெனியும் எழுதாது.

தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றி ஹாம்பர்க் என்பது ஐரோப்பாவுக்கு வழக்கமான பாதை. சூயஸ் வழியாக நாலு வாரத்துக்குள் முடிந்த பயணம் இது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பெரிய லைன்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரம் கூடிவிட்டது. எந்த லைன் எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும், ஆகவே பழைய ஆர்டரில் இருந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடம் அந்த வாரத்து ஷெட்யூலைக் கேட்டு வாங்குங்கள். நம் கணக்குக்கு 38 நாள் என்று வைப்போம். ஜூலை 22 ஏறியது ஆகஸ்ட் 29 ஹாம்பர்க் சேர்கிறது. கன்டெய்னரை இறக்கி, பிரித்து, ஜெர்மன் கஸ்டம்ஸ் முடிந்து, லாரியில் பையரின் குடோனுக்குப் போக இன்னும் ஆறு நாள். செப்டம்பர் 4.

ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 4 வரை 95 நாள். உற்பத்தி 45, பயணம் 38, கூட்டினால் 83தான். மீதிப் பன்னிரண்டு நாள் கப்பலேறும் முன் ஆறும் இறங்கிய பின் ஆறும். ஃபார்வர்டர் தரும் ஷெட்யூலில் இருப்பது துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரையிலான 38 மட்டுமே என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். டிரான்சிட் டைம் என்று அவர் சொல்வது அதைத்தான்.

இங்கே உங்கள் பக்கத்திலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி கணக்கில் 45 நாள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எஃப்.ஓ.பி.யில் டெலிவரி என்பது சரக்கு கப்பலில் ஏறிய தருணம். ஃபேக்டரி கேட்டைத் தாண்டியது டெலிவரி ஆகாது, சி.எஃப்.எஸ்.ஸில் இறக்கியதும் ஆகாது. மேலே சொன்ன கணக்கில் சரக்கு ஏறியது 51ஆம் நாள். அதாவது 45 நாள் எஃப்.ஓ.பி. என்று ஒப்புக்கொண்டால் 39ஆம் நாள் சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன 45 ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் தேதியா, கப்பலேறும் தேதியா என்பதை முதலில் உங்கள் ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். பேங்க் தரும் பண உத்தரவாதமான எல்.சி. இருந்தால் இது இன்னும் கறாரானது. எல்.சி.யில் வரும் "கடைசி ஷிப்மென்ட் தேதி" பில் ஆஃப் லேடிங்கில் ஆன் போர்டு என்று குறித்த தேதியோடுதான் ஒப்பிடப்படும். சரக்கு சி.எஃப்.எஸ்.ஸில் நான்கு நாளாகக் காத்திருந்தது என்பதை பேங்க் கணக்கில் எடுக்காது.

சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்று விலை சொல்பவர்கள் இதைவிடப் பெரிய குழப்பத்தில் மாட்டுகிறார்கள். ஹாம்பர்க் என்ற பெயர் இருப்பதால், டெலிவரி தேதி என்றால் ஹாம்பர்க்கில் சேரும் தேதி என்று பையர் எடுத்துக்கொள்வார். சர்வதேச வணிகத்துக்கான இன்கோடெர்ம்ஸ் விதிப்படி அப்படி இல்லை. சி.ஐ.எஃப்.பில் ஹாம்பர்க் வரை வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் கட்டுகிறார், அவ்வளவுதான். டெலிவரி நடப்பது எஃப்.ஓ.பி.யைப் போலவே ஏற்றும் துறைமுகத்தில். டி.ஏ.பி., டி.டி.பி. போன்ற விதிகளில் ஒப்புக்கொண்டால்தான் போய்ச் சேரும் இடத்தில் டெலிவரி. சட்டம் உங்கள் பக்கம் இருப்பது ஒன்று, பையர் சரியாகப் புரிந்துகொள்வது இன்னொன்று. விதியை நம்பி எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வதால் அடுத்த ஆர்டர் வராது.

ஜெர்மன் பையர்கள் பி.ஓ.வில் தேதிக்குப் பதில் வார எண் போடுவது வழக்கம். கே.டபிள்யூ. 36 என்றால் ஆண்டின் 36ஆவது வாரம், வாரம் திங்களில் தொடங்கும். பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் 4 அந்த வாரத்தில் விழும். நம் கணக்கில் ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் ஜூலை 16 விழுவது 29ஆவது வாரத்தில். பி.ஓ.வில் 36 என்று இருந்தால் அவர் பெரும்பாலும் குடோனை நினைத்து எழுதியிருக்கிறார், 29 என்று இருந்தால் ஷிப்மென்ட்டை. சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். வாரத்தின் தொடக்கமா முடிவா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஐந்து நாள் அதில் இருக்கிறது. நாளா, வேலை நாளா என்பதும் அப்படித்தான். 45 வேலை நாள் என்று எழுதினால் ஆறு நாள் ஓடும் திருப்பூர்க் கணக்கில் ஏழரை வாரம், ஐந்து நாள் ஓடும் ஜெர்மன் கணக்கில் ஒன்பது வாரம். வெறும் நாள் என்றால் காலண்டர் நாள் என்று ஒரே ஒரு வரி போட்டுவிட்டால் இது தீர்ந்துவிடும்.

அடுத்தது, தாமதம் எப்படிப் பெருகுகிறது என்பது. உற்பத்தியில் ஒரு நாள் தவறினால் மொத்தத்தில் ஒரு நாள் தவறும் என்று தோன்றும். கப்பல் வாரத்துக்கு ஒன்று என்பதால் கணக்கு அப்படி ஓடாது. மேலே உள்ள ஆர்டர் ஜூலை 16க்குப் பதில் 17 கிளம்பினால் 18ஆம் தேதி காலை சி.எஃப்.எஸ்.ஸில் இருக்கும், கட் ஆஃபுக்குள் வந்துவிடும், குடோன் தேதி அப்படியே செப்டம்பர் 4. 19 கிளம்பினால் கட் ஆஃப் போய்விட்டது. அடுத்த கப்பல் ஜூலை 29, குடோன் செப்டம்பர் 11. ஃபேக்டரியில் மூன்று நாள் தாமதம், பையருக்கு ஏழு நாள். அதற்கும் மேல் கொழும்பில் பெரிய கப்பல் நிரம்பியிருந்தால் கன்டெய்னரை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள், இன்னொரு வாரம் போகும். கப்பல் லைன்கள் சேரும் தேதிக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. அவர்களே கொடுக்காத ஒன்றை நீங்கள் பையருக்கு உறுதியாகக் கொடுக்க முடியாது.

பையரின் கையில் இருக்கும் நாள்களும் இதே கணக்கில்தான் வரும். லேப் டிப்புக்குப் பதில் ஐந்து நாள் தள்ளி வந்தால் சாயம் ஐந்து நாள் தள்ளும். பட்டறையில் பிடித்துவைத்த மெஷின் நேரம் வேறொருவருக்குப் போய்விட்டால் ஐந்து எட்டாகும். இது யாருடைய தாமதம் என்பதை அப்போதே ஒரு மெயிலில் குறிக்காவிட்டால், ஜூலையில் எல்லாமே ஃபேக்டரி தாமதமாகத்தான் தெரியும். "ஜூன் 14க்குள் நிறம் ஓகே வந்தால் ஜூலை 16 கிளம்பும், தள்ளிப்போனால் புதிய தேதி சொல்கிறோம்" என்று முதல் நாளே எழுதியிருந்தால், ஜூன் 15 அன்று நீங்கள் அனுப்பும் மெயிலைப் பையர் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். நாள் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தேதிகளை எழுதுங்கள், நான்கு போதும். பையர் எந்தத் தேதிக்குள் எதை ஓகே செய்ய வேண்டும் என்பது முதலாவது. சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் தேதி இரண்டாவது. கப்பலேறும் தேதி, எந்தத் துறைமுகம், எந்த இன்கோடெர்ம் என்பது மூன்றாவது. குடோனில் சேரும் என்று எதிர்பார்க்கும் வாரம் நான்காவது. இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் வாக்குறுதி, அவற்றுக்கு நீங்கள் பொறுப்பு. நான்காவதை மட்டும் ஒரே தேதியாக எழுதாமல் "36 முதல் 38ஆவது வாரம், இன்றைய கப்பல் ஷெட்யூல்படி மதிப்பீடு" என்று எழுதுங்கள். ஒரு கப்பல் தவறினாலும், கொழும்பில் ஒரு முறை தள்ளினாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். கடைகளுக்குத் தேதி கொடுக்கும் பையர் அந்த இடைவெளியின் கடைசி நாளை எடுத்துக்கொள்வார், அது அவருக்கும் நல்லது.

இப்போதைய சிக்கலுக்கு விமானத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். விமானம் பறப்பது ஓரிரு நாள், ஆனால் ஃபேக்டரியிலிருந்து குடோன் வரை எட்டு நாள் வைக்க வேண்டும். ஜூலை 16 கிளம்பினால் ஜூலை 24 சேரும், அது 53ஆம் நாள். ஆக அந்த 45ஐ விமானத்தில்கூடப் பிடிக்க முடியாது. 45ஆம் நாள் குடோனில் இருக்க வேண்டுமென்றால் 37ஆம் நாளே சரக்கு கிளம்பியிருக்க வேண்டும். செலவும் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் எடையா, அளவா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் நம் பெட்டி 12 கிலோவாகக் கணக்காகும். உண்மை எடை 9 கிலோவுக்குள் இருந்தாலும் 120 பெட்டிக்கு 1,440 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். முழு ஆர்டரையும் அனுப்பாமல், கடைகளில் முதலில் அடுக்கத் தேவையான ஆயிரம் பீஸை மட்டும் விமானத்திலும் மீதியைக் கப்பலிலும் அனுப்பலாமா என்று இன்றே கேளுங்கள். அதற்கான செலவை யார் ஏற்பது என்பது பி.ஓ.வில் உள்ள வார்த்தையைப் பொறுத்தது. எஃப்.ஓ.பி. என்று தெளிவாக இருந்து நீங்கள் கப்பலேற்றும் தேதியைத் தவறவிடவில்லை என்றால் உங்கள் நிலை வலுவானது. பி.ஓ.வில் வெறும் டெலிவரி தேதி மட்டும் இருந்தால் பாதிப்பாதி என்று பேசித் தீர்ப்பதுதான் நடைமுறையில் நடக்கும்.

ரிப்பீட் ஆர்டர் வரும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அதே நிறம், அதே பிரிண்ட், அதே ஃபிட் என்றால் லேப் டிப்பும் பி.பி. சாம்பிளும் இல்லை, 45 நாள் 28, 30 நாளாகக் குறையும். பயணம் ஒரு நாள்கூடக் குறையாது. 12,000 பீஸ் என்றால் 90 நாள் ஆகாது, கூடுவது பெரும்பாலும் தையலில் எட்டு வேலை நாளும் சாயத்தில் சில நாளும்தான், பயணம் அதே 38. ஆகவே ரிப்பீட்டுக்கு 30 நாள் சொல்லும்போது அது எந்த நிபந்தனையில் என்று எழுதிவிடுங்கள், அடுத்த சீசனில் புது நிறத்துக்கும் அதே 30ஐ எதிர்பார்ப்பார். தீபாவளி நடுவில் வரும் ஆர்டராக இருந்தால் தனியாகப் பத்து நாள் வையுங்கள். லீவு அவ்வளவு இருக்காது, ஆனால் ஊருக்குப் போன ஆள்கள் ஒரே நாளில் திரும்பிவர மாட்டார்கள், லைன் முழு வேகத்துக்கு வர ஒரு வாரம் ஆகும். அந்தப் பத்து நாள் உற்பத்திக் காலத்தில் எழுத வேண்டியது. பயணத்தின் பக்கம் தள்ளி எழுதினால் ஃபார்வர்டரின் ஷெட்யூலோடு ஒத்துப்போகாமல், பையர் அடுத்த மெயிலிலேயே கேட்டுவிடுவார்.